சங்கிலி ஸ்லைட்டில் விடுபடும் ஒரு பதிவு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உயர்தரத்தில் பொருளியல் படித்த பிள்ளைகளிடம், வங்கி எப்படிக் கடனை உருவாக்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பதில்தான் வரும். ஒருவர் போட்ட காசை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதுதான் வங்கியின் வேலை என்பார்கள் சிலர். ஒரு இலட்சம் வைப்பு வந்தால் அந்த வங்கி நாலு இலட்சம் கடன் கொடுத்துவிடும் என்பார்கள் வேறு சிலர், சூத்திரத்தையும் சேர்த்தே ஒப்புவிப்பார்கள். இரண்டுமே பிழை. ஒன்றுக்கொன்று நேரெதிரான இந்த இரண்டு பிழையும் ஒரே ஸ்லைட்டிலிருந்து பிறப்பதுதான் கனகாலமாக எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது.

அந்த ஸ்லைட் எல்லாருக்கும் தெரிந்ததே. இடப்பக்கம் ஒரு வைப்பாளர், அவரிலிருந்து ‘அ’ வங்கிக்கு ஒரு அம்புக்குறி, அங்கிருந்து ‘ஆ’ வங்கிக்கு இன்னொன்று, பிறகு ‘இ’. ஒவ்வொரு அம்பிலும் குறைந்துகொண்டே போகும் ஓர் எண். கடைசி மூலையில் பெரிய எழுத்தில் மொத்தம். ரியூசன் வகுப்பிலும் வங்கிகளின் பயிற்சி வகுப்பிலும் இதே படந்தான் சுற்றுகிறது. படத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அம்புக்குறிக்குள் இரண்டு பதிவுகள் ஒன்றாக நசுங்கிக் கிடக்கின்றன, அவற்றைப் பிரித்துக் காட்டினால் போதும் என்பதுதான் என் கட்சி.

எந்த வீதத்தை எடுப்பது

முதலில் எண்ணைத் தெரிவுசெய்வோம். ஒதுக்கு என்பது வைப்பில் வங்கி கடனாகக் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டிய பங்கு. அனேகமானவர்கள் 10 சதவீத ஒதுக்கில் தொடங்குவார்கள், கணக்கு இலகு என்று. அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒதுக்கு வீதம் 10, மொத்த வைப்பு முதல் வைப்பின் எத்தனை மடங்கு என்று சொல்லும் பெருக்கியும் 10. எந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. வீதத்தாலேயே பெருக்குவதுதான் முறை என்று நினைத்துக்கொண்டு, பரீட்சையில் 25 சதவீதம் வந்ததும் 25 ஆல் பெருக்கிவிட்டு வருவார்கள். 20 சதவீதம் எடுத்தால் பெருக்கி 5. இரண்டும் வேறு வேறு எண், குழம்ப வழியில்லை. ஒரு இலட்சத்தில் தொடங்கினால் முதல் ஐந்து படியிலும் சதக் கணக்கும் வராது.

இலங்கையின் உண்மையான நியதி ஒதுக்கு விகிதத்தையே போட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. 2023 ஓகஸ்ட் 16இலிருந்து அது 2 சதவீதம். அந்த எண்ணில் சங்கிலி 100,000, 98,000, 96,040 என்று நகரவே நகராது. பத்துப் படி போனாலும் பாதை முடிவதாகத் தெரியாது. உண்மை வீதத்துக்குக் கடைசியில் ஒரு ஸ்லைட் வைக்கலாம். அங்கேதான் அதற்கு வேலையும் இருக்கிறது.

முதல் ஒரு இலட்சம் எங்கிருந்து வந்தது

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமலே பல ஸ்லைட்கள் தொடங்கிவிடுகின்றன. கனகராயன்குளத்தில் ஒருவர் நெல் விற்ற காசை அலுமாரியில் வைத்திருந்து, பிறகு கொண்டுபோய் வங்கியில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாள் காசு வங்கித் தொகுதிக்கு வெளியே இருந்து உள்ளே வருகிறது. சங்கிலி தொடங்குவதற்கு வேண்டியது இதுதான்.

அதே ஆளுக்குக் கொழும்பிலுள்ள மகன் தன் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு இலட்சம் அனுப்பினார் என்றால் கதை வேறு. ‘அ’ வங்கியின் ஒதுக்கு ஒரு இலட்சத்தால் கூடுகிறது, மகனுடைய வங்கியின் ஒதுக்கு அதே ஒரு இலட்சத்தால் குறைகிறது. இங்கே ஒரு சங்கிலி விரியும்போது அங்கே ஒரு சங்கிலி சுருங்கும். நாடு முழுக்கப் பார்த்தால் ஒன்றும் கூடவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வங்கியில் காசு வருவதை அனேகமாகக் கண்டிருப்பது இப்படித்தான், வேறு ஊரிலிருந்து வரும் பரிமாற்றமாக. அதனால் ‘ஒருவர் 100,000 வைப்புச் செய்கிறார்’ என்று மட்டும் ஸ்லைட்டில் எழுதினால் அவர்கள் மனதில் எழும் காட்சியே பிழையாகிவிடும். ‘கையில் இருந்த தாள் காசு’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டு பதிவுகள்

இனித்தான் விஷயம். ‘அ’ வங்கியின் ஐந்தொகையை ஒரே பக்கத்தில் மூன்று தடவை வரைய வேண்டும். சொத்து ஒரு பக்கம், பொறுப்பு ஒரு பக்கம். கணக்கீடு படிக்காத பிள்ளைக்கும் புரியும், ஏனென்றால் மொத்தமே இரண்டு மூன்று வரிதான்.

முதலாவது, காசு போட்ட உடனே. சொத்தில் காசு 100,000. பொறுப்பில் வைப்பு 100,000. ஒதுக்காக வைக்க வேண்டியது 20,000, மிகை ஒதுக்கு 80,000.

இரண்டாவது, கடன் கொடுத்த உடனே. ஒருவருக்கு நீர் இறைக்கும் மோட்டர் வாங்க 80,000 கடன் அனுமதிக்கப்படுகிறது. வங்கி என்ன செய்கிறது? கடன் வாங்கியவரின் கணக்கில் 80,000 என்று வரவு வைக்கிறது, அவ்வளவுதான். சொத்தில் இப்போது காசு 100,000, கடன் 80,000. பொறுப்பில் பழைய வைப்பு 100,000, புதிய வைப்பு 80,000. இரு பக்கமும் 180,000. நெல் விற்றவரின் கணக்கை யாரும் தொடவில்லை. பெட்டகத்திலிருந்து ஒரு தாளும் வெளியே போகவில்லை. ஆனாலும் சற்று முன்பு இல்லாத 80,000 ரூபா வைப்பு இப்போது இருக்கிறது. கடன் உருவாக்கம் என்று நாங்கள் சொல்வது நடந்து முடிந்த இடம் இதுதான். வழக்கமான ஸ்லைட்டில் இந்த ஐந்தொகையே கிடையாது.

மூன்றாவது, மோட்டர் கடைக்காரருக்குக் கொடுத்த காசோலை மாறிய பிறகு. கடைக்காரரின் கணக்கு ‘ஆ’ வங்கியில் இருக்கிறது. தீர்ப்பனவில் ‘அ’ வங்கி 80,000 ரூபா ஒதுக்கை ‘ஆ’ வங்கிக்குக் கொடுக்க வேண்டும். இப்போது ‘அ’ வங்கியின் சொத்தில் காசு 20,000, கடன் 80,000. பொறுப்பில் வைப்பு 100,000. ஒதுக்கு சரியாக 20 சதவீதம். மிகை எதுவும் இல்லை.

முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் பார்ப்பவருக்கு, 100,000 இல் 20,000 ஐ வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிக் கொடுத்ததாகத்தான் தெரியும். மேலே சொன்ன முதற் பிழை பிறப்பது அங்கேதான். வங்கியை விட்டுப் போனது ஒதுக்கு. கடன் வாங்கியவர் செலவழித்தது புதிதாக எழுதப்பட்ட வைப்பு. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

இரண்டாவது ஐந்தொகையில் சற்று நிற்க வேண்டும். வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருந்தால் இங்கே கட்டாயம் கை உயர்த்தும்: “சேர், இப்ப வைப்பு 180,000. அதுக்கு ஒதுக்கு 36,000 காணும். கையில ஒரு இலட்சம் கிடக்குதே, இன்னும் 64,000 மிச்சந்தானே. ஏன் அதையும் குடுக்கேலாது?”

நியாயமான கேள்வி. பிள்ளையின் கணக்கும் சரி. இதற்கு ‘விதி அப்படித்தான்’ என்று பதில் சொல்லித் தட்டிக் கழிக்கக் கூடாது. கேட்டபடியே செய்து காட்ட வேண்டும். ‘அ’ வங்கி ஒரேயடியாக 400,000 கடன் கொடுக்கட்டும். வைப்பு 500,000, தேவையான ஒதுக்கு 100,000, கையில் இருப்பதும் 100,000. விகிதம் கச்சிதமாகப் பொருந்துகிறது. எந்த விதியும் மீறப்படவில்லை. அடுத்த நாள் கடன்காரர் உழவு இயந்திரம் வாங்கி 400,000க்குக் காசோலை எழுதுகிறார். விற்றவர் அதை ‘ஆ’ வங்கியில் போடுகிறார். ‘அ’ வங்கி தீர்ப்பனவில் 400,000 கொடுக்க வேண்டும், இருப்பதோ 100,000. துண்டு விழுவது 300,000. அதோடு மிச்சமிருக்கும் 100,000 வைப்புக்கு வைக்க வேண்டிய 20,000 ஒதுக்கும் இல்லை. வங்கி ஓடிப்போய் இன்னொரு வங்கியிடமோ மத்திய வங்கியிடமோ ஓரிரவுக் கடன் எடுக்க வேண்டும், அதற்கு வட்டி கட்ட வேண்டும்.

ஆகவே தனி ஒரு வங்கியைக் கட்டிப்போடுவது காசோலை வெளியே போகும் என்ற எதிர்பார்ப்பு. கொடுத்த கடன் முழுவதும் வெளியே போய்விடும் என்று எடுத்துக்கொண்டால், கொடுக்கக்கூடிய உச்சம் மிகை ஒதுக்கின் அளவு, அதாவது 80,000. இரண்டாவது பிழைக்கும் மருந்து இதே ஸ்லைட்டில் கிடைத்துவிட்டது. நாலு இலட்சம் என்பது எல்லா வங்கிகளும் சேர்ந்து அடையும் தொகை. ஒரே வங்கி தனியே அதைச் செய்ய முயன்றால் அடுத்த நாட் தீர்ப்பனவில் மாட்டும்.

கடைக்காரரின் கணக்கும் ‘அ’ வங்கியிலேயே இருந்தால்? ஒதுக்கு வெளியே போகாது, ‘அ’ வங்கியே அடுத்த படியையும் எடுக்கலாம். ஒரு சிறு பட்டினத்தில் மூன்று நான்கு வங்கிக் கிளைகள்தான் என்றால் இது நடக்கக்கூடியதே. சங்கிலியின் மொத்தம் அதனால் மாறாது, படியேறும் ஆள் மட்டுமே மாறும்.

சங்கிலி

இவ்வளவும் சொன்ன பிறகு சங்கிலி ஸ்லைட் ஒரு நிமிட வேலை. ‘ஆ’ வங்கிக்கு 80,000 வைப்பும் 80,000 ஒதுக்கும் வந்திருக்கிறது. அதே மூன்று ஐந்தொகை அங்கேயும் ஓடும். அட்டவணை இப்படி இறங்கும்:

| வங்கி | புதிய வைப்பு | ஒதுக்கு | கடன் |
|---|---|---|---|
| அ | 100,000 | 20,000 | 80,000 |
| ஆ | 80,000 | 16,000 | 64,000 |
| இ | 64,000 | 12,800 | 51,200 |
| ஈ | 51,200 | 10,240 | 40,960 |
| உ | 40,960 | 8,192 | 32,768 |
| … | … | … | … |
| மொத்தம் | 500,000 | 100,000 | 400,000 |

எண்களைக் கையால் அடிக்காமல் எக்செலில் எழுதிவிட்டால் வீதத்தை மாற்றி மாற்றிக் காட்டலாம். `F1` இல் ஒதுக்கு வீதம் 0.2 என்றும், `F2` இல் இப்போதைக்கு 0 என்றும் போடுங்கள். `F2` எதற்கென்று பிறகு தெரியும்.

```
B2: 100000
C2: =B2*$F$1
D2: =B2-C2
B3: =D2*(1-$F$2)
```

`C2`, `D2` இரண்டையும் மூன்றாம் வரிக்கு இழுத்து, பிறகு மூன்றாம் வரியை முழுதாக நாற்பது வரி கீழே இழுத்தால் போதும். (இடையில் ஒரு சொல்: ஸ்லைட்டைப் பாமினியில் அடித்தால் மாணவர் கைபேசியில் திறக்கும்போது எழுத்தெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக வரும், எண் மட்டும் தப்பும். யுனிகோட்டில் அடியுங்கள்.)

மொத்த வரியில் பார்க்க வேண்டியது ஒதுக்குக் கட்டம். 100,000. கனகராயன்குளத்து அலுமாரியிலிருந்து வந்த அதே காசு. அது பெருகவில்லை, எல்லா வங்கிகளிலும் கூறு கூறாகப் படிந்துவிட்டது. பெருகியது வைப்பு. அந்தக் காசு முழுவதும் ஒதுக்காகப் படிந்து முடியும்போது சங்கிலியும் நின்றுவிடுகிறது. 100,000 ஐ 0.2 ஆல் வகுக்கும் சூத்திரம் சொல்வதும் இதையேதான்: எவ்வளவு வைப்புக்கு 20 சதவீதம் எடுத்தால் ஒரு இலட்சம் வரும்? ஐந்து இலட்சத்துக்கு. இப்படிக் கேட்டால் பெருக்கற்றொடரின் கூட்டுத்தொகையெல்லாம் வேண்டியதில்லை.

பரீட்சையில் மாட்டுவது இன்னொரு இடத்தில். ‘பண நிரம்பல் எவ்வளவால் கூடியது?’ என்று கேட்டால் பலர் 500,000 என்று எழுதுவார்கள். அலுமாரியில் இருந்த 100,000 ஏற்கெனவே பண நிரம்பலின் ஒரு பகுதிதான். பொதுமக்கள் கையில் இருந்த காசு வைப்பாக வடிவம் மாறியது, அவ்வளவே. கூடியது 400,000, அதாவது கடன்களின் மொத்தம். கடன் நிரலின் கூட்டுத்தொகையும் இந்த விடையும் ஒன்றாக வருவது தற்செயலில்லை. இரண்டாவது ஐந்தொகையை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை.

அறுவடைக் காலத்து ஒழுக்கு

இதுவரை, கடனாக வாங்கிய ஒவ்வொரு ரூபாவும் இன்னொரு வங்கிக்குள் திரும்பி வந்தது. வன்னியில் அப்படி நடக்காது என்று பிள்ளைகளுக்கே தெரியும். காலபோக அறுவடை நேரத்தில் வெட்டு மெசினுக்கும் மூட்டை தூக்குபவர்களுக்கும் வயலில் வைத்தே தாளாக எண்ணிக் கொடுப்பதுதான் வழக்கம். அந்தக் காசில் ஒரு பங்கு வங்கிப் பக்கமே வராமல் கைமாறிக்கொண்டிருக்கும். பாடப்புத்தகம் இதை ‘காசுக் கசிவு’ என்று ஒரு வரியில் எடுகோளாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். ஒரு ஸ்லைட் முழுதாகக் கொடுக்க வேண்டிய விஷயம் இது.

கொடுத்த கடனில் கால்வாசி தாளாக வெளியே தங்கிவிடுகிறது என்று வைப்போம். எக்செலில் `F2` ஐ 0.25 ஆக்குங்கள். 80,000 கடனில் 20,000 வெளியே நிற்கும், 60,000தான் ‘ஆ’ வங்கிக்கு வரும். அதில் 12,000 ஒதுக்கு, 48,000 கடன். அதில் 12,000 வெளியே, 36,000 ‘இ’ வங்கிக்கு. வைப்பு நிரல் 100,000, 60,000, 36,000, 21,600 என்று சட்டென்று வற்றும். மொத்தம் 250,000. கால்வாசிக் கசிவு விளைவைப் பாதியாக்கிவிட்டது.

ஏன் பாதி, ஏன் கால்வாசி குறையவில்லை என்று கேட்பார்கள். அந்த ஒரு இலட்சத்தைத் தேடிப் பார்த்தால் விடை கிடைக்கும். வைப்பு 250,000 இல் 20 சதவீதம், ஒதுக்காக 50,000. கடன் மொத்தம் 200,000, அதில் கால்வாசி வெளியே, 50,000. இரண்டையும் கூட்டினால் அதே ஒரு இலட்சம். வெளியே நிற்கும் ஒவ்வொரு தாளும் ஐந்து மடங்கு வைப்பைத் தாங்கியிருக்க வேண்டிய ஒதுக்கு. அதனால்தான் சின்னக் கசிவும் பெரிதாக அடிக்கிறது.

இரண்டு சதவீதம், ஐம்பது மடங்கு

இப்போது இலங்கையின் உண்மை வீதத்துக்கு வரலாம். மத்திய வங்கி 2020இல் நியதி ஒதுக்கு விகிதத்தை 5இலிருந்து 4க்கும் பிறகு 2க்கும் இறக்கியது. 2021 செத்தெம்பரில் 4 ஆக்கியது. 2023 ஓகஸ்டில் திரும்ப 2. வெறும் சூத்திரத்தை நம்பினால் 4 சதவீதத்தில் பெருக்கி 25, 2 சதவீதத்தில் 50. ஒரே இரவில் நாட்டின் வைப்பு இரட்டிக்க வேண்டும்.

2023இல் அந்தக் குறைப்பால் ஏறத்தாழ 200 பில்லியன் ரூபா ஒதுக்கு விடுவிக்கப்படும் என்று மத்திய வங்கி அறிவித்தது. 200 ஐ 50 ஆல் பெருக்குங்கள், 10,000 பில்லியன். அப்போது நாட்டிலிருந்த விரிந்த பணம் முழுவதுமே 12,000க்கும் 13,000 பில்லியனுக்கும் இடைப்பட்டது. நடந்தது என்ன? அந்த ஆண்டு முடிவில் தனியார் துறைக்கு வங்கிகள் கொடுத்திருந்த கடன், முந்திய ஆண்டு முடிவில் இருந்த அளவிலேயே கிட்டத்தட்ட நின்றது.

சூத்திரத்தில் கசிவைச் சேர்த்தால் இந்த முரண் பாதி தீர்ந்துவிடும். மக்கள் கையிலுள்ள தாள் காசு, வைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்று என்று எடுங்கள். இலங்கைக்கு இது மோசமான மதிப்பீடு இல்லை. பண நிரம்பலுக்கும், தாள் காசும் வங்கிகளின் ஒதுக்கும் சேர்ந்த ஒதுக்குப் பணத்துக்கும் உள்ள விகிதம் இப்படி வரும்:

```
(1 + c) / (c + r)
r = 0.04:  1.1 / 0.14 = 7.9
r = 0.02:  1.1 / 0.12 = 9.2
```

இங்கே `c` தாள் காசு–வைப்பு விகிதம், `r` ஒதுக்கு விகிதம். ஒதுக்கு விகிதத்தைப் பாதியாக்கினாலும் பெருக்கி இரட்டிக்கவில்லை, ஆறில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஒதுக்கு விகிதம் இவ்வளவு கீழே இறங்கிய பிறகு பெருக்கியைத் தீர்மானிப்பது தாள் காசுப் பழக்கம். கீழே உள்ள 0.12 இல் 0.10 அதனுடையது. 20 சதவீத உதாரணத்தில் கசிவு ஒரு துணைக் குறிப்புப்போலத் தெரிந்தது, 2 சதவீத நாட்டில் அதுவே முதலாளி.

மிச்சப் பாதியைச் சூத்திரத்தில் தேட முடியாது. மிகை ஒதுக்கு இருந்தால் வங்கி கடன் கொடுத்துவிடும் என்று சங்கிலி எடுத்துக்கொள்கிறது. 2023இல் வாராக்கடன் ஏறியிருந்த நேரம். வட்டி இறங்கத் தொடங்கியிருந்தாலும் முந்திய ஆண்டின் அடி தொழில்களுக்கு ஆறவில்லை. விடுபட்ட ஒதுக்கில் வங்கிகள் மத்திய வங்கியிடம் எடுத்த ஓரிரவுக் கடனைத் தீர்க்கலாம், திறைசேரி உண்டியல் வாங்கலாம். கடன்காரரைத் தேடிப் போக வேண்டுமென்று எந்த விதியும் இல்லை.

கிளை மட்டத்தில் இது இன்னும் தெளிவு. புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ கிளை முகாமையாளர் ஒரு கடன் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது ஒதுக்கு விகிதத்தைப் பற்றி நினைப்பதில்லை. அந்தக் கணக்கு கிளைக்குக் கிளை வைப்பதில்லை, வங்கி முழுமைக்கும் ஒன்றாக, மத்திய வங்கியிலுள்ள கணக்கில், ஒரு காலப்பகுதியின் சராசரியாகப் பேணப்படுவது. கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறதென்பதற்காக ஒதுக்கு அங்கே கிடப்பதில்லை. முகாமையாளர் பார்ப்பது திருப்பிச் செலுத்தும் வருமானத்தையும் பிணையையும். வன்னியில் பெருமளவு காணிக்கு உறுதி கிடையாது, அனுமதிப்பத்திரந்தான். உறுதிக் காணியை வாங்குவதுபோல அதை எல்லா வங்கியும் பிணையாக வாங்குவதில்லை. மிகை ஒதுக்கு எவ்வளவு இருந்தாலும் அந்த மேசையில் சங்கிலி அறுந்துவிடும். ஆகையால் ஸ்லைட்டில் ‘கிளிநொச்சிக் கிளை 20,000 ஐ ஒதுக்காக வைக்கிறது’ என்று ஊர்ப்பெயர் போட்டு அழகுபடுத்துவதை நான் ஆதரிக்கமாட்டேன். வங்கிக்கு வங்கி என்று ‘அ’, ‘ஆ’, ‘இ’ போடுவதே சரி.

சங்கிலியில் யார் இல்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். நியதி ஒதுக்கு விகிதம் உரிமம் பெற்ற வணிக வங்கிகளின் ரூபா வைப்புக்கு உரியது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கிக்கு மத்திய வங்கியில் ஒதுக்குக் கணக்கு இல்லை, அது தன் காசை ஒரு வணிக வங்கியில் வைப்புச் செய்கிறது. அங்கே நகை அடகுக்குக் கொடுப்பது பெரும்பாலும் தாள் காசுதான். ‘உள்ள காசை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது’ என்ற முதற் பதில் ஓரளவு பொருந்தும் இடம் அதுவே. பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து பார்த்த வங்கி அதுவாக இருந்தால், அந்தப் பதிலோடு வகுப்புக்கு வருவதில் வியப்பில்லை.

கடைசியாக ஓர் ஆட்சேபம். 2014இல் இங்கிலாந்து வங்கி தன் காலாண்டு வெளியீட்டில், வைப்பு வந்து கடன் போவதில்லை, கடன்தான் வைப்பை உண்டாக்குகிறது, ஒதுக்கு பிறகு வந்து சேர்கிறது என்று எழுதிய பிறகு, சங்கிலியையே பாடத்திட்டத்திலிருந்து எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வட்டி வீதத்தைக் குறிவைத்து நடத்தும் மத்திய வங்கி, அந்த வீதத்தில் கேட்ட ஒதுக்கைக் கொடுத்துவிடும். அப்போது ஒதுக்கு ஒரு வேலியாக நிற்காது, கடனின் விலையும் வங்கியின் மூலதனமும்தான் நிற்கும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரி. ஆனால் அவர்கள் சொல்லும் ‘கடன்தான் வைப்பை உண்டாக்குகிறது’ என்பது எங்கள் இரண்டாவது ஐந்தொகைதான். அதை வரைந்து காட்டியவருக்குச் சங்கிலியை எடுக்க வேண்டியதில்லை, ‘இது உச்ச எல்லை, ஓட்டத்தின் வரிசை அல்ல’ என்று ஸ்லைட்டின் அடியில் எழுதினால் போதும். உச்ச எல்லைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் 2020 மார்ச் 26இலிருந்து ஒதுக்கு விகிதம் பூச்சியம். `F1` இல் 0 ஐயும் `F2` இல் 0 ஐயும் போட்டு நாற்பது வரியையும் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் 100,000 தான் வரும், முடிவே இராது. அமெரிக்க வங்கிகளின் கடன் அப்படி முடிவின்றி ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று வகுப்பைக் கேட்டுவிட்டு எக்செலை மூடலாம். 400,000 காசோலையைப் பார்த்த பிள்ளைகள் பதில் சொல்வார்கள்.